முடிவை முதல் வரியில் சொன்னால் மனம் புண்படுமா?

கேள்வி: ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைக் குழுவில் வேலை பார்க்கிறேன். என் மெயில்கள் நீளம் என்று எப்போதும் பேச்சு வாங்குவேன். "நாலு பத்தி படிச்ச அப்புறம்தான் உனக்கு என்ன வேணும்னே தெரியுது" என்று மேலாளர் ஒருமுறை சொன்னார். அதிலிருந்து முடிவை முதல் வரியிலேயே எழுதப் பழகினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் வேறு குழுவில் இருக்கும் ஒரு மூத்தவருடைய வடிவமைப்பைப் பரிசீலித்துவிட்டு, "உங்கள் வடிவமைப்பை ஏற்க முடியாது. காரணங்கள் கீழே" என்று ஆரம்பித்து, இரண்டு குழுக்களையும் சிசியில் போட்டு அனுப்பினேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது இரண்டு மெயில்கள் எழுத வேண்டும். ஒன்று, வெளியீட்டைத் தள்ளிவைக்கக் கேட்டு இயக்குநருக்கு. இன்னொன்று, அதே மூத்தவர் ஒரு வருடமாக உருவாக்கிய சோதனைக் கருவியை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறுகிறோம் என்று அவருக்கு. பழையபடி சுற்றி வளைத்தே எழுதிவிடலாமா? பெரியவர்களுக்கு எழுதும்போது முடிவை முதலில் போடுவதே மரியாதைக் குறைவுதானே?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அலுவலகத் தொடர்பு ஆலோசகரின் பதில்:

பழைய பழக்கத்துக்குத் திரும்ப வேண்டாம். அதே நேரம், இந்த இரண்டு மெயில்களையும் ஒரே அச்சில் வார்க்கவும் வேண்டாம். இயக்குநருக்கு முதல் வரியிலேயே முடிவு. மூத்தவருக்கு முதலில் ஒரு பேச்சு, அதன் பிறகு மெயில். ஏன் அப்படி என்பதுதான் இந்தப் பதில் முழுக்க.

முதலில் போன மாத மெயிலைப் பார்த்துவிடுவோம். முடிவு முதல் வரியில் இருந்ததால்தான் அவர் புண்பட்டார் என்று நீங்கள் முடிவுகட்டியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "ஏற்க முடியாது" என்பது உண்மையிலேயே உங்கள் முடிவுதானா என்று யோசித்துப் பாருங்கள். சோதனைக் குழுவில் இருப்பவர் ஒரு வடிவமைப்பை அடியோடு தூக்கிப் போடச் சொல்வது அபூர்வம். பெரும்பாலும் சொல்ல வருவது இதுவாகத்தான் இருக்கும்: "இந்த இரண்டு இடங்களை மாற்றினால் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம்." உங்கள் காரணப் பட்டியலும் அந்த வகையானது என்றால், முதல் வரியில் நீங்கள் எழுதியது முடிவு அல்ல, அதன் மிகைப்பாடு. சுருக்க வேண்டும் என்ற அவசரத்தில் நிறைய பேர் இங்கே சறுக்குகிறார்கள். நிபந்தனை, அளவு, எந்தப் பகுதி என்ற குறிப்பு எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறார்கள். மிஞ்சுவது சின்னதாக இருக்கிறது, ஆனால் சரியாக இருப்பதில்லை. அவருக்கு வலித்தது நேரடித்தன்மை என்பதைவிட, முப்பது பக்க உழைப்பில் இரண்டு பக்கக் குறையை முழுக் குறையாகச் சொன்னது என்றே நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயங்கள் அதில் சேர்ந்துகொண்டன. "உங்கள் வடிவமைப்பை" என்று ஆரம்பித்ததால் வாக்கியம் பொருளை விட்டு ஆளின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. "இப்போதைய வடிவமைப்பில், தரவு சேமிக்கும் பகுதியும் பிழை கையாளும் பகுதியும் மாற வேண்டும்" என்று எழுதியிருந்தாலும் முடிவு முதல் வரியில்தான் இருந்திருக்கும். அப்புறம் அந்த சிசி. இரண்டு குழுக்களும் பார்க்கும் இடத்தில் ஒருவருடைய வேலையைப் பற்றிய தீர்ப்பை அவரே அப்போதுதான் முதன்முறையாகப் படிக்கிறார் என்றால், அதை எந்த வரிசையில் எழுதினாலும் காயம் காயம்தான். ஐந்து பத்தி இதமாகப் பேசிவிட்டு ஆறாவது பத்தியில் சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இன்னும் மோசமாகக்கூட இருந்திருக்கலாம். தன்னைப் பற்றி ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தே அவர் ஐந்து பத்திகளைக் கடந்திருப்பார்.

முடிவை முதலில் சொல்லும் பழக்கம் எங்கே இயல்பாக வேலை செய்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அமெரிக்கத் தரைப்படையின் கடிதப் போக்குவரத்துக்கான விதி 25-50, முக்கியமான விஷயம் கடிதத்தின் தொடக்கத்திலேயே வர வேண்டும் என்கிறது. அங்கே அதைப் படித்து யாரும் முகம் சுளிப்பதில்லை. எழுதுபவர், படிப்பவர் இருவருக்கும் அதுதான் வழக்கம் என்று தெரியும். உங்கள் அலுவலகத்தில் நடந்தது வேறு. பழக்கத்தை நீங்கள் மாற்றிக்கொண்டீர்கள், மாற்றியது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நேற்றுவரை நான்கு பத்தி நலம் விசாரித்தவர் இன்று திடீரென்று ஒற்றை வரியில் பேசினால், கோபமாக இருக்கிறார் என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். அடிக்கடி எழுதிக்கொள்பவர்களிடம், "இனி என் மெயில்களில் என்ன வேண்டும் என்பதை முதலிலேயே போட்டுவிடுகிறேன், விளக்கம் கீழே இருக்கும்" என்று ஒருமுறை வாயால் சொல்லிவைத்தால் பாதிச் சிக்கல் குறையும்.

பெரியவர்களுக்கு முடிவை முதலில் எழுதுவது மரியாதைக் குறைவா?

இல்லை. தீர்ப்பு வேறு, பரிந்துரை வேறு என்பதை மட்டும் கவனித்தால் போதும். "வெளியீட்டைத் தள்ளிவைக்க வேண்டும்" என்று மேலே இருப்பவருக்கு எழுதினால், அவர் எடுக்க வேண்டிய முடிவை நீங்கள் எடுத்துவிட்டது போல இருக்கும். "வெளியீட்டை இரண்டு வாரம் தள்ளிவைக்கலாம் என்பது என் பரிந்துரை, உங்கள் ஒப்புதல் வேண்டும்" என்றால் அதுவும் முதல் வரிதான், ஆனால் அதிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. பதவியில் உயர்ந்தவர்கள் பலரும் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போகும் வழியில் போனில்தான் மெயில் பார்க்கிறார்கள். அங்கே தெரிவது சப்ஜெக்ட் வரியும் உள்ளே இருப்பதில் ஒன்றிரண்டு வரிகளும்தான். "வணக்கம், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடந்த மூன்று வாரங்களாக எங்கள் குழு…" என்பதில் அந்த இடம் தீர்ந்துபோனால், மரியாதை என்று நினைத்து நீங்கள் எடுத்துக்கொண்டது அவருடைய நேரத்தை.

இயக்குநருக்கான மெயில்

நீங்கள் எழுதப்போகும் சரியான விவரங்கள் எனக்குத் தெரியாது. அதனால் ஒரு நிலைமையைக் கற்பனையாக வைத்துக்கொள்கிறேன். வெளியீடு 14ஆம் தேதி. இருவர் ஒரே பதிவை ஒரே நேரத்தில் திருத்தினால் ஒருவருடைய மாற்றம் சத்தமில்லாமல் அழிந்துபோவதைச் சோதனையில் கண்டுபிடித்திருக்கிறீர்கள். சரிசெய்ய ஆறு வேலை நாள், மறுசோதனைக்கு நான்கு நாள்.

முடிவை முதலில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு பலர் இப்படி ஆரம்பிப்பார்கள்: "சோதனை முடிந்துவிட்டது. சில முக்கியமான சிக்கல்கள் உள்ளன." இது முதல் வரியில் வந்த தகவல், அவ்வளவுதான். இதைப் படித்த இயக்குநர் என்ன செய்ய வேண்டும்? கவலைப்படலாம், வேறொன்றும் செய்ய முடியாது. ஒரு மெயிலின் முடிவு என்பது படிப்பவர் செய்ய வேண்டியது எது, அல்லது அவர் மனதில் மாற வேண்டியது எது என்பதுதான். அது தெரியாமல் விரல் விசைப்பலகைக்குப் போனால், எழுத எழுதத்தான் அதைக் கண்டுபிடிப்போம். அப்படிக் கண்டுபிடித்தது கடைசிப் பத்தியில் போய் நிற்கும். உங்கள் பழைய மெயில்களைத் திறந்து பாருங்கள். கடைசிப் பத்தியை வெட்டி மேலே ஒட்டினாலே பாதி சரியாகியிருக்கும்.

நான் எழுதினால் இப்படி இருக்கும்:

> சப்ஜெக்ட்: ஒப்புதல் தேவை, வியாழன் மாலைக்குள்: வெளியீட்டை 28ஆம் தேதிக்கு மாற்றுதல்
>
> வணக்கம் சார்,
>
> வெளியீட்டை 14ஆம் தேதியிலிருந்து 28ஆம் தேதிக்கு மாற்ற உங்கள் ஒப்புதல் வேண்டும். இருவர் ஒரே பதிவை ஒரே நேரத்தில் திருத்தினால், ஒருவருடைய மாற்றம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அழிந்துவிடுகிறது. 40 முறை சோதித்ததில் 6 முறை இது நடந்தது.
>
> சரிசெய்ய ஆறு வேலை நாள்களும் மறுசோதனைக்கு நான்கு நாள்களும் தேவை. அழிந்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க வழி இல்லை என்பதால், வெளியிட்ட பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விடுவதை நான் பரிந்துரைக்கவில்லை.
>
> தேதியை மாற்ற இயலாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் திருத்தும் வசதியை மட்டும் மூடிவைத்துவிட்டு 14ஆம் தேதியே வெளியிடலாம். பயனர்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் திருத்த முடியும்.
>
> வாடிக்கையாளர்களுக்கான அறிவிப்பு வெள்ளிக்கிழமை காலை போகிறது. வியாழன் மாலைக்குள் சொன்னால் அதை நிறுத்த முடியும். சோதனை விவரங்கள் இணைப்பில்.

வணக்கம் இருக்கிறது, சார் இருக்கிறது, மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கெட்ட செய்திதான், ஆனால் அது யாரையும் குறிவைக்கவில்லை. இயக்குநருக்கு இதில் சொந்த இழப்பு எதுவும் இல்லை, தேதி மட்டும்தான் போகிறது. மாற்று வழியையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். முதல் வரியில் கேட்டது கிடைக்காவிட்டால் என்ன என்ற அவருடைய அடுத்த கேள்விக்கு அது பதில். அது இல்லாவிட்டால் பதில் கேள்வியாகத் திரும்பி வரும், நீங்கள் இன்னொரு மெயில் எழுதுவீர்கள், வியாழன் போய்விடும்.

வியாழன் என்று கெடு வைத்தால் அதற்குக் காரணத்தையும் கூடவே சொல்லிவிடுங்கள். காரணம் இல்லாத கெடு கட்டளை போலக் கேட்கும். மேலே இருப்பவருக்கு எழுதும்போது உண்மையில் மரியாதைக் குறைவாகப் படுவது இதுதான்.

மூத்தவருக்கான மெயில்

இங்கே நிலைமை தலைகீழ். ஒரு வருட உழைப்பு, அதில் அவருடைய பெயர், குழுவில் அவருக்கு இருக்கும் மதிப்பு எல்லாம் அந்தக் கருவியில் இருக்கிறது. அவர் செய்ய வேண்டியது என்று உடனடியாக எதுவும் இல்லை. ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் இருக்கிறது. நான் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான். படிப்பவர் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் முடிவு முதலில். படிப்பவர் எதையாவது இழக்கிறார் என்றால், அந்த இழப்பைத் தாங்க ஒரு சின்ன இடம் வேண்டும். இழப்பு பெரியது என்றால் முதலில் பேச்சு, பிறகு மெயில்.

சின்ன இடம் என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். மென்மையான தொடக்கம் என்றதும் பலர் பாராட்டுப் பத்தி எழுதக் கிளம்புகிறார்கள். "உங்கள் கருவி எங்களுக்கு எவ்வளவோ உதவியிருக்கிறது, உங்கள் அர்ப்பணிப்பு…" என்று போய், "ஆனால்" என்று திரும்புவார்கள். அலுவலகத்தில் நாலு வருடம் இருந்தவர் எவரும் இரண்டாவது பாராட்டிலேயே அந்த "ஆனால்" வருவதைக் கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு பாராட்டு பொய்யாகிவிடும், அது உண்மையான பாராட்டாக இருந்தாலும். மறுப்புக் கடிதங்களில் இப்படி முன்னால் வைக்கப்படும் இதமான பத்தியால் பயன் உண்டா என்று கிட்டி லாக்கர் என்ற ஆய்வாளர் கல்லூரி மாணவர்களிடம் சோதித்து 1999இல் எழுதினார். கடன் மறுப்பு, மேற்படிப்பு இட மறுப்பு போன்ற கடிதங்களைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். இதமான தொடக்கம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் உண்டாக்கவில்லை. அந்த ஆய்வு முன்பின் தெரியாத நிறுவனத்திலிருந்து வரும் கடிதங்களைப் பற்றியது, தினமும் முகம் பார்க்கும் சக ஊழியருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் வெறும் பாராட்டுப் பஞ்சு காயத்தைத் தடுக்காது என்பதற்கு அது ஒரு நல்ல எச்சரிக்கை.

அப்படியானால் எது உதவும்? கெட்ட செய்தி சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். புற்றுநோய் மருத்துவர்களுக்காக 2000இல் வெளியான ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை மருத்துவக் கல்வியில் பரவலாகச் சொல்லித்தரப்படுகிறது. அதில் மருத்துவர் செய்தியைச் சொல்வதற்கு முன், நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்கிறார். பிறகு, "வருத்தமான செய்தி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது" என்று ஒரே ஒரு வாக்கியத்தில் எச்சரிக்கிறார். அடுத்து செய்தி. அதில் நீண்ட முன்னுரை கிடையாது. கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்வதும், அவரை ஒரு கணம் தயார்ப்படுத்துவதும்தான் அந்த முன்பகுதியின் வேலை. உங்களுக்கும் அதே அளவு போதும்.

அதனால் முதலில் நேரில், முடியாவிட்டால் போனில் பேசுங்கள். கருவிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது அவருக்கு ஏற்கெனவே தெரியுமா என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். தெரியாது என்றால், முடிவைச் சொல்வதற்கு முன் உங்கள் மேலாளரிடம் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பீடே நடந்தது தெரியாதவரிடம் முடிவைச் சொல்லும் வேலை உங்களுடையது அல்ல, மேலாளருடையது. இதை நீங்கள் தயங்காமல் கேட்கலாம். போன மாதம் நடந்ததற்குப் பிறகு இந்தச் செய்தியும் உங்கள் பெயரில் மட்டும் போவது நல்லதல்ல.

பேசும்போது மூன்றாவது வாக்கியத்துக்குள் செய்தி வந்துவிட வேண்டும். "சார், கருவி ஒப்பீட்டைப் பற்றிப் பேச வந்தேன். உங்களுக்குப் பிடிக்காத செய்திதான். அடுத்த வெளியீட்டிலிருந்து புதிய கருவிக்கு மாறுகிறோம்." அப்புறம் நிறுத்துங்கள். அவர் பேசட்டும். காரணங்களை அவர் கேட்கும்போது சொல்லலாம், கேட்காவிட்டால் மெயிலில் இருக்கும் என்று சொல்லலாம். அமைதியாக இருக்கும் அந்த அரை நிமிடத்தை நிரப்ப நீங்கள் காரணங்களை அடுக்க ஆரம்பித்தால், ஒவ்வொரு காரணமும் அவருடைய கருவியின் மேல் இன்னொரு குற்றச்சாட்டாகக் கேட்கும்.

பேசிய பிறகு போகும் மெயில் ஒரு பதிவு மட்டுமே. அதில் தாராளமாக முடிவை முதலில் போடலாம், "காலையில் பேசியபடி, அடுத்த வெளியீட்டிலிருந்து புதிய கருவிக்கு மாறுகிறோம்" என்று. அதிர்ச்சி ஏற்கெனவே நேரில் கடந்துவிட்டது.

பேசவே வாய்ப்பில்லை, அவர் வேறு நேர மண்டலத்தில் இருக்கிறார் அல்லது போனை எடுப்பதில்லை என்றால்தான் படிப்படியாக எழுதும் மெயில் தேவைப்படும். அப்போதும் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். சிசியில் யாரும் வேண்டாம். ஒரு மாதிரி:

> சப்ஜெக்ட்: சோதனைக் கருவி ஒப்பீட்டின் முடிவு
>
> வணக்கம் சார்,
>
> நேரில் பேச நினைத்தேன், நேரம் அமையவில்லை. அதனால் குழுவுக்கு எழுதும் முன் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.
>
> இரண்டு கருவிகளையும் நாம் ஒப்புக்கொண்ட மூன்று அளவுகோல்களில் ஒப்பிட்டோம்: சோதனை முடிய ஆகும் நேரம், புதியவர் கற்றுக்கொள்ள ஆகும் நாள்கள், போன் செயலிகளைச் சோதிக்கும் வசதி. நேரத்தில் உங்கள் கருவி முந்துகிறது. கற்றுக்கொள்வதில் இரண்டும் ஏறக்குறைய சமம். போன் செயலி வசதி அதில் இல்லை, அடுத்த வெளியீடு முழுவதுமே போன் செயலிக்கானது. அதனால் புதிய கருவிக்கு மாறுவது என்று முடிவாகியிருக்கிறது.
>
> நீங்கள் எழுதிய சோதனைத் தொகுப்புகள் அப்படியே புதிய கருவிக்கு வருகின்றன. அறிக்கை தயாரிக்கும் பகுதியைத் தனியாகப் பிரித்துத் தொடர்ந்து பயன்படுத்தப்போகிறோம்.
>
> குழுவுக்கான அறிவிப்பு புதன்கிழமை போகிறது. அதற்குமுன் ஒப்பீட்டில் நாங்கள் எதையாவது தவறாகப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

இங்கே முடிவு நடுவில் வருகிறது. அதற்கு முன்னால் இருப்பது பாராட்டு அல்ல, இருவரும் ஒப்புக்கொண்ட அளவுகோல். அந்த அளவுகோல்களை அவரும் சரி என்று சொல்லியிருக்கிறார். அதன் வழியாக நடந்து வந்து முடிவைச் சந்திப்பவர், அதை எதிர்த்தாலும் எதை எதிர்க்கிறோம் என்று தெரிந்து எதிர்ப்பார். முடிவை முதலில் வைத்திருந்தால், அடுத்து வரும் ஒவ்வொரு அளவுகோலும் முடிவுக்காகப் பின்னால் தேடிப் பிடித்த சாக்கு போலத் தெரிந்திருக்கும். படிப்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நன்றாகத் தெரிந்த விஷயத்தில் படிப்படியாகப் போவதன் உண்மையான பயன் இது.

"நாம் ஒப்புக்கொண்ட" என்பது உண்மையாக இருந்தால் மட்டுமே எழுதுங்கள். அளவுகோல்களை உங்கள் குழு தனியாக வைத்தது என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள். அவருடைய வேலையில் எது மிஞ்சுகிறது என்பதிலும் அப்படித்தான், மிஞ்சுவது இல்லை என்றால் இட்டுக்கட்ட வேண்டாம். கடைசி வரி இன்னும் கவனமானது. முடிவு மாறவே மாறாது என்றால் "உங்கள் கருத்து என்ன" என்று கேட்பது ஏமாற்று. ஒப்பீட்டில் தவறு இருந்தால் மறுபடி பார்ப்போம் என்பது உண்மையானால் மட்டும் அந்த வரி இருக்கட்டும்.

மென்மை ஆபத்தாகும் இடம்

நீங்கள் சோதனைக் குழுவில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கோளாறு இருக்கிறது, அதை மேலே இருப்பவர் அறிந்தே ஆக வேண்டும் என்ற நிலையில், யார் மனம் புண்படும் என்று பார்த்து எழுதக் கூடாது.

2003இல் கொலம்பியா விண்கலம் புறப்படும்போது காப்பு நுரைத் துண்டு ஒன்று இறக்கையில் மோதியது. கலம் விண்வெளியில் இருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு மேலாளர்களுக்கு ஸ்லைடுகள் காட்டினார்கள். முக்கியமான ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைகளின் கணிப்பு உண்மையைவிட அதிகச் சேதத்தையே காட்டும் என்ற ஆறுதலான தொனியில் இருந்தது. அதன் அடிப்பகுதியில், சிறிய எழுத்தில், உண்மையான துண்டு அந்தச் சோதனைகளின் எல்லைக்கு வெகுவாக அப்பாற்பட்டது என்று இருந்தது. சோதித்த துண்டு 3 கன அங்குலம், மோதியதாக மதிப்பிட்டது 1920 கன அங்குலம், அதாவது 640 மடங்கு. கலம் திரும்பி வரும்போது சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விபத்தை விசாரித்த குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துப் பேசியது.

அந்த ஸ்லைடில் தலைப்பில் ஒரு முடிவு இருக்கத்தான் செய்தது. படிப்பவருடைய தீர்மானத்தை மாற்றக்கூடிய விஷயம் மட்டும் அடியில் கிடந்தது. "பெரும்பாலான சோதனைகள் வெற்றி" என்று ஆரம்பித்து, தரவு அழிவதை நான்காவது பத்தியில் சொல்லும் மெயிலும் இதே வகைதான். முடிவை முதலில் சொல்லும் வடிவம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது, எந்த முடிவு முதலில் என்பதுதான் கேள்வி. நாளைக்குப் பிரச்சினை வெடித்தால், "நான் எழுதியிருந்தேனே, நாலாவது பத்தியில்" என்பது யார் காதிலும் ஏறாது.

உறவைச் சரிசெய்வது

போன மாத விஷயத்துக்கு எல்லோரையும் சிசியில் வைத்து மன்னிப்பு மெயில் எழுத நினைத்தால், அதை விட்டுவிடுங்கள். அடங்கியிருக்கும் அவருடைய காயத்தை அது மறுபடி கூட்டத்தின் நடுவில் கொண்டுவந்து வைக்கும். தனியாகப் பேசும்போது, "முழு வடிவமைப்பும் வேண்டாம் என்பது போல எழுதிவிட்டேன், நான் சொல்ல வந்தது அந்த இரண்டு இடங்களை மட்டும்" என்று சொல்லுங்கள். பொதுவெளியில் திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தத் தவறான முடிவு. அதே மெயில் சங்கிலியில் எல்லோரும் பார்க்கும்படி, "தெளிவுக்காக: இந்த இரண்டு பகுதிகளை மாற்றியதும் வடிவமைப்பைச் சோதனைக்கு எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒரு வரி போடுங்கள். அது உண்மையாக இருக்கும்பட்சத்தில், மன்னிப்பைவிட அவருக்கு அதிகம் உதவுவது அதுதான்.

இந்தப் பேச்சையும் கருவியைப் பற்றிய பேச்சையும் ஒரே சந்திப்பில் வைத்துக்கொள்ள வேண்டாம். கெட்ட செய்திக்கு முன்னோட்டமாகத்தான் மன்னிப்புக் கேட்டீர்கள் என்று ஆகிவிடும். இடையில் இரண்டு மூன்று நாளாவது விடுங்கள். இயக்குநருக்கான மெயில் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை, அது இன்றே போகலாம். கருவி பற்றிய செய்தியை மட்டும் வெள்ளிக்கிழமை மாலையில் சொல்லாதீர்கள். கேள்வி கேட்க ஆளில்லாமல் இரண்டு நாள் அவர் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். வாரத்தின் நடுவில் ஒரு நாள், அதுவும் காலை வேளை என்றால், அன்றைக்கே அவர் உங்களைத் தேடி வந்து சண்டை போடவாவது வழி இருக்கும்.